தட்டு, குறுக்குக் குறி, மாத்திரை

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒரு வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி வை என்று பதினோரு வருடமாக அந்த அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. புள்ளி இருந்தால், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் ஒரு மூச்சு நின்று படிக்கும். புள்ளிக்குப் பதில் ஒரு நெருப்பையோ ராக்கெட்டையோ வைத்தால், அதையும் பெயர் சொல்லி வாசித்துவிட்டு, நிற்காமல் அடுத்த வாக்கியத்துக்குள் ஓடிவிடும்.

புள்ளியக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினியும் கைபேசியும் பேசித்தான் அவருக்குப் பழக்கம். மற்றவர்களுக்கு வண்டு குடைவது போலக் கேட்கும் வேகத்தில் குரலை ஓடவிட்டு, அதில் ஓர் ஒற்றெழுத்து பிசகினாலும் பிடித்துவிடுவார்.

கடைகள், பள்ளிகள், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, இவர்களுடைய சமூக வலைப்பக்கங்களை நடத்திக் கொடுப்பதுதான் அலுவலகத்தின் தொழில். இளைஞர்கள் எழுதிக் கொடுக்கும் வாசகங்களில் எழுத்தைவிட எமோஜி அதிகமாக இருக்கும். அதைத் திருத்துவது புள்ளியக்காவின் வேலை. புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் எழுதியதை மெதுவான குரலில் போட்டுக் காட்டுவார்.

"வலப்பக்கம் சுட்டும் ஆள்காட்டி விரல் வலப்பக்கம் சுட்டும் ஆள்காட்டி விரல் வலப்பக்கம் சுட்டும் ஆள்காட்டி விரல் இன்றே வாருங்கள் கூப்பிய கைகள் நடுத்தரத் தோல் நிறம் கூப்பிய கைகள் நடுத்தரத் தோல் நிறம்."

அறையே சிரிக்கும். எழுதியவருக்குக் காது சிவக்கும்.

"இதுல கடை எங்க இருக்குன்னு சொன்னியாப்பா?" என்று கேட்பார் புள்ளியக்கா. "விரலை நீட்டிட்டே இருக்கியே, எந்தப் பக்கம்னு சொல்லலையே?"

அவர் எமோஜிக்கு எதிரி அல்ல. ஆசைப்பட்டால் வாக்கியம் முடிந்தபின் கடைசியில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம். சொல்லின் இடத்தில் படம் உட்காரக் கூடாது. படத்தை எல்லாம் எடுத்துவிட்டு வாசித்தாலும் சேதி முழுசாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவருடைய சட்டம்.

வாசகம் முடிந்ததும் அது குருவியிடம் போகும். குருவி படம் வரைகிறவள். பேச்சு கீச்சுகீச்சென்று வேகமாக இருப்பதால் புள்ளியக்கா வைத்த பெயர். அவள்தான் படத்தையும் வாசகத்தையும் சேர்த்துப் பக்கத்தில் வெளியிடுவாள். ஏழு வருடமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. காலையில் பேருந்து நிறுத்தத்தில் குருவி காத்திருப்பாள்; அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு புள்ளியக்கா நடப்பார். தெருவில் எங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எந்தக் கடை மாறிவிட்டது, மேலாளர் இன்றைக்கு என்ன நிறத்தில் சட்டை போட்டு வந்திருக்கிறார் எல்லாம் குருவியின் வாய்வழியாகத்தான் தெரியும்.

"கிளிப்பச்சைக்கா. நல்லவேளை நீ பாக்கல."

"உன்னை நம்பறேன்டி. எப்படியும் நான் எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டுத்தானே நம்பணும்."

இப்படி ஒரு சிரிப்போடுதான் அவர்களுடைய நாள் தொடங்கும்.

புள்ளியக்காவுக்கு அலுவலகத்துக்கு வெளியே இன்னொரு வட்டம் இருந்தது. பார்வையில்லாதவர்கள் நூற்றுச்சொச்சம் பேர் சேர்ந்த ஒரு குரல்செய்திக் குழு. எந்தச் செயலி காதுக்கு ஒத்துவருகிறது, எந்த வங்கியின் பக்கம் பேசாமல் ஊமையாக இருக்கிறது என்று அதில் பேசிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியின் வேலை அலுவலகத்துக்குக் கிடைத்த மாதம், புள்ளியக்கா குழுவில் பெருமையாகச் சொன்னார்: "இனிமே அந்த ஆஸ்பத்திரிப் பக்கத்தை நீங்க தைரியமா கேக்கலாம். ஒவ்வொரு வரியும் என் காது வழியாத்தான் வெளிய போகுது." அதன்பிறகு குழுவில் பலர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டு வரிசையில் காத்திருப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் வருவதைக் கேட்டே காரியம் பார்த்தார்கள்.

அந்தக் குழுவில் ஆபரேட்டரம்மா என்று ஒருவர். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புப் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக வசிப்பவர். சர்க்கரை உண்டு. பாத்திரக் கடையில் பேரம் பேசுவது போல உரத்த குரலில் குழுவுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை அந்த வணக்கம் வரவில்லை. திங்கட்கிழமை பகல் சாப்பாட்டு வேளையில் ஆபரேட்டரம்மாவே புள்ளியக்காவைக் கூப்பிட்டார். குரல் பாதியாக இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, இப்ப நல்லா இருக்கேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில சர்க்கரை முகாம்னு போட்டிருந்தீங்கள்ல, அதுக்குக் கிளம்பினேன். நீங்க சொன்ன மாதிரியே வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுக்கிட்டு..."

"இருங்க. மாத்திரை போடச் சொல்லி யார் சொன்னா?"

"நீங்கதானேம்மா போட்டிருந்தீங்க?"

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது. குப்பென்று வியர்த்து, நாக்கு குழறி, கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் விஷயம் புரிந்து, பழரசம் வாங்கிப் புகட்டியிருக்கிறாள். விழுந்ததில் முழங்கையில் நாலு தையல்.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் சரியா கேக்கலையோ என்னமோ. வயசாகுதுல்ல."

தான் எழுதியது புள்ளியக்காவுக்கு எழுத்து எழுத்தாக நினைவிருந்தது. 'வரும் முன் பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள். தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை சர்க்கரை மாத்திரை போடாதீர்கள். கையில் எடுத்து வாருங்கள்.' நாலு வாக்கியம், நாலு புள்ளி. இதில் தப்பாகக் கேட்க எதுவும் இல்லை.

"அம்மா, உங்க போன்ல அதை இன்னொரு தடவை படிக்கவிடுங்க. நான் கேக்கறேன்."

ஆபரேட்டரம்மாவின் கைபேசி வாசித்தது. "வரும் முன் பத்து மணி நேரம் குறுக்குக் குறி முள்கரண்டி கத்தியுடன் தட்டு குறுக்குக் குறி மாத்திரை சரிக்குறி நீர்த்துளி."

"முதல் குறுக்குக் குறி எப்பவும் போல அலங்காரம்னு விட்டுட்டேன்," என்றார் ஆபரேட்டரம்மா. "அப்புறம் தட்டு, குறுக்குக் குறி. சாப்பிடக் கூடாது. மாத்திரை, சரிக்குறி. மாத்திரை போடலாம். அப்படித்தானே?"

கண்ணால் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு குறியும் அதனதன் படத்தோடு ஒட்டி நிற்பது தெரியும். காதில் விழும்போது எல்லாம் ஒரே கயிறு. எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆபரேட்டரம்மா ஒரு குறி தள்ளி வெட்டிவிட்டார்.

"எப்பவும் போல அலங்காரம்னா... முன்னாடியும் இப்படி வந்துச்சா?"

"மூணு நாலு மாசமா வருதே. குழுவுல கூட ரெண்டு மூணு பேர் என்கிட்ட சொன்னாங்க. நீங்க செய்யறதாச்சே, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டோம்."

ஆபரேட்டரம்மா குறையாகச் சொல்லவில்லை. அதுதான் புள்ளியக்காவால் தாங்க முடியாததாக இருந்தது.

அவர் கணினியில் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்தார். வெளியான ஒவ்வொன்றையும் அவர் இந்தக் கணினியில் கேட்பது வழக்கம்தான். முதல் ஒன்றிரண்டு வரி ஓடியதும் சரி, வந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் கைபேசியில் அந்தப் பக்கங்களைத் தொடவே மாட்டார். நாள் முழுக்கக் கேட்டதையே வீட்டுக்கு வந்தும் கேட்கவா என்று.

முகாம் அறிவிப்பின் தேதியும் இடமும் ஓடிய பிறகு கணினி படித்தது: "வரும் முன் பத்து மணி நேரம்."

அவ்வளவுதான். தட்டும் இல்லை, மாத்திரையும் இல்லை. அவர் எழுதிய வாக்கியங்களும் இல்லை.

அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தார். 'நே', 'ர', 'ம்'. அடுத்த முறை விசையைத் தட்டியபோது சத்தமில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. ஆறேழு தடவை தட்டியும் குரல் வாய் திறக்கவில்லை. அங்கே ஏதோ இருக்கிறது. இருப்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

அந்த வரியை அப்படியே நகலெடுத்து, தான் திருத்துகிற செயலியில் ஒட்டினார். அங்கே குரல் தடையில்லாமல் வாசித்தது. குறுக்குக் குறி, தட்டு, குறுக்குக் குறி, மாத்திரை.

ஒரே கணினி, ஒரே குரல். எழுதுகிற இடத்தில் எமோஜி பேசுகிறது. பக்கத்தைப் பார்க்கிற உலாவியில் ஊமையாகிறது. திரைவாசிப்பானில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அமைப்பு வைத்துக்கொள்ள முடியும். புள்ளியக்கா அமைப்புகளுக்குள் போனார். உலாவிக்கென்று ஒரு தனி அமைப்பு அங்கே இருந்தது. அதில் எமோஜிகளின் பெயரைச் சொல்லும் வசதி நிறுத்தப்பட்டிருந்தது. அதை அவர் உண்டாக்கவில்லை.

நாலு மாதம் முன்பு பழைய கணினியை மாற்றினார்கள். புதியதில் குரல் ஏறும் வரை அவரால் ஒன்றும் செய்ய முடியாதே. கடவுச்சொல்லைக் குருவியிடம் சொல்லி, "நீயே எல்லாத்தையும் ஏத்திடுடி" என்று விட்டிருந்தார். வேறு யாருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியாது.

கை விசைப்பலகை மேலேயே கிடந்தது. பக்கத்து மேசையில் குருவி யாரிடமோ கீச்சுகீச்சென்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவளாக இருக்காது என்று நினைக்கப் பார்த்தார். கணினியே தானாகச் செய்திருக்கும் என்று கூட நினைத்துப் பார்த்தார். அமைப்புக்கு ஒரு பெயர் கொடுத்தால்தான் சேமிக்க முடியும். பெயர் இருந்தது: 'அக்கா'.

"குருவி, இங்க வா."

"என்னக்கா?"

"உக்காரு. இதைக் கேளு." உலாவியில் அந்த வரியை ஓடவிட்டார். பிறகு ஒட்டிய வரியை. பிறகு அமைப்பின் பெயரை.

குருவியின் நாற்காலி கிறீச்சிட்டது. ஏழு வருடத்தில் குருவி பேசாமல் இருந்து புள்ளியக்கா கேட்டதில்லை.

"சார்தான்க்கா சொன்னாரு," என்றாள் கடைசியில். "படமே இல்லாம வறட்சியா இருக்கு, யாரும் நின்னு பாக்க மாட்டேங்கறாங்கன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்களாம். எமோஜியைத் திரும்பப் போடு, அக்காகிட்ட சொல்லாத, அவங்க சண்டைக்கு வருவாங்கன்னு..."

"சார் போடச் சொன்னாரு. சரி. இந்த அமைப்பையும் சார்தான் பண்ணச் சொன்னாரா?"

நகம் மேசை விளிம்பைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"கேக்கறேன்ல?"

"இல்லக்கா. அது நான்தான். நீ பக்கத்தைத் திறந்து கேட்டா கண்டுபிடிச்சிடுவ. உன் மனசு கஷ்டப்படும். அதான்... முதல்ல கடைசியில ரெண்டு மூணு பூ மட்டும்தான்க்கா போட்டேன். அப்புறம் வாசகம் நீளமா இருக்குன்னு சொல்லிட்டாங்க. சுருக்கினேன்."

"என் காதுல பூ சுத்தியிருந்தாக்கூட பரவாயில்லடி. நீ பஞ்சை வெச்சு அடைச்சிருக்க."

குருவி அழ ஆரம்பித்தாள். அழுகையிலும் பொய் இல்லை என்று புள்ளியக்காவுக்குத் தெரிந்தது. அது ஒன்றுக்கும் உதவவில்லை. நாலு மாதமாகத் தினமும் காலையில் இதே கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். பள்ளத்தைப் பற்றிச் சொன்ன அதே வாய் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்தம்மாவுக்கு நாலு தையல். உனக்குத் தெரியுமா?"

"எந்த அம்மாக்கா?"

"அதான். உனக்குத் தெரியாது. யாரு கேக்கறாங்கன்னே உனக்குத் தெரியாது."

மேலாளரிடம் போனார். வழியில் யார் கையையும் பிடிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். மேலாளர் முதலில் வாடிக்கையாளர் திருப்தி பற்றி விளக்கினார். எமோஜி இருந்தால்தான் கண்ணில் படும் என்றார். புள்ளியக்கா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"சார், என் திருத்தம் வேண்டாம்னு நீங்க என்கிட்ட சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். தோத்திருந்தா, இந்தப் பக்கத்தை நம்பாதீங்கன்னு என் ஆளுங்ககிட்ட சொல்லியிருப்பேன். அவங்க போன் போட்டுக் கேட்டிருப்பாங்க. நீங்க என்னைத் திருத்தவும் விட்டு, அதைத் தூக்கியும் போட்டு, என் பேரை மட்டும் வெச்சுக்கிட்டீங்க."

"இவ்வளவு பெரிசா எடுத்துக்குவீங்கன்னு நினைக்கலம்மா."

"ஒருத்தங்க ரோட்டுல விழுந்திருக்காங்க சார்."

அன்று மாலைக்குள் முகாம் அறிவிப்பு திருத்தப்பட்டது. புள்ளியக்காவே உட்கார்ந்து, தன் வாக்கியங்களைத் திரும்பப் போட்டு, அதற்கு மேலே இன்னொரு வரியும் சேர்த்தார்: 'இந்த அறிவிப்பு முன்பு படக்குறிகளோடு குழப்பமாக வந்திருந்தது. மாத்திரை போடலாம் என்று யாராவது புரிந்துகொண்டிருந்தால், அது எங்கள் தவறு.' அந்த வரி வேண்டாம் என்று மேலாளர் கெஞ்சிப் பார்த்தார். புள்ளியக்கா ஆஸ்பத்திரியின் நோயாளர் தகவல் அதிகாரிக்கே தொலைபேசி போட்டு, நடந்ததைச் சொல்லி, அந்த வரியை வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நாலு மாதத்து அறிவிப்புகளையும் அதிகாரி கேட்டு வாங்கிப் பார்த்தார். இனி புள்ளியக்கா திருத்தியதைப் புள்ளியக்காவே வெளியிட வேண்டும், அவருக்குப் பிறகு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டார். மேலாளர் ஒப்புக்கொண்டார். வறட்சியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் யார் சொன்னார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அப்படி யாரும் சொன்னதாக அந்த அதிகாரிக்குத் தெரியவில்லை.

குழுவுக்கு அவர் அனுப்பிய குரல்செய்தி ஒன்றரை நிமிடம். மூன்று முறை பேசி அழித்து நாலாவது முறை அனுப்பினார். குருவியின் பெயரைச் சொல்லவில்லை. "என் காது வழியா போகுதுன்னு சொன்னேன். போகல. கடைசியா ஒரு தடவை முழுசா கேட்டிருக்கணும், கேக்கல. மன்னிச்சிடுங்க." பலர் பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். ஆபரேட்டரம்மா, "நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் முன்பு போலப் பக்கத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி போட்டு உறுதி செய்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

குருவி இரண்டு வாரம் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றாள். "அக்கா, நான்தான்" என்பாள். புள்ளியக்கா கோலை நீட்டித் தட்டிக்கொண்டு தனியாக நடப்பார். பின்னாலேயே அவள் செருப்புச் சத்தம் வரும். மூன்றாவது வாரம் அவள் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். போகும்போது ஒரு நீளமான குரல்செய்தி அனுப்பினாள். புள்ளியக்கா அதைக் கேட்டார். பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை.

அவருடைய கணவர் ஓர் அடுக்குமாடி அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். நல்ல பார்வை, நல்ல சுபாவம். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏத்தமும் இறக்கமும் எனக்குத் தினப்படி வேலைம்மா, இதுவும் இறங்கிடும்" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். புள்ளியக்காவும் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. தண்ணீர் குழாய் வேலைக்காக இரண்டு நாள் தண்ணீர் வராது என்று கணவர் படித்துச் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டார் புள்ளியக்கா. கணவர் குளிக்கப் போனதும், கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"கொஞ்சம் இதைப் படிச்சுச் சொல்லேன்மா."

எதிர்வீட்டுப் பெண் படித்தாள். இரண்டு நாள், தண்ணீர் வராது. அதே சேதிதான். திரும்பி வந்தபோது கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும்.

"நான் படிச்சது தப்பா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றார் புள்ளியக்கா. "சரியாத்தான் இருந்துச்சு."

கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, குடங்களில் தண்ணீர் பிடிக்கப் போனார்.